சின்ன வளையம், பெரிய ரிம்

ஒரு கணக்கோடு தொடங்குவோம். நம் சாலைகளில் ஓடும் பல கார்களுக்கு 16 அங்குல ரிம். அந்த ரிம்மில் டயர் வந்து உட்காரும் இடத்தின் குறுக்களவு ஏறத்தாழ 405 மில்லிமீட்டர். உட்கார்ந்த டயர் வெளியே நழுவாமல் இருக்க, ரிம்மின் இரண்டு ஓரங்களும் மேலே எழும்பி நிற்கின்றன. அந்த ஓரத்தை விளிம்பு என்று சொல்லிக்கொள்வோம். அதன் உயரம் 17 மில்லிமீட்டர் சொச்சம். எனவே விளிம்போடு சேர்த்து அளந்தால் குறுக்களவு 440 மில்லிமீட்டருக்குப் போய்விடும்.

டயரின் உள்வட்டமும் கிட்டத்தட்ட அதே 405 மில்லிமீட்டர்தான். அப்படியானால் 405 அளவுள்ள வளையம் 440 அளவுள்ள விளிம்பைத் தாண்டி எப்படி உள்ளே போனது?

“ரப்பர்தானே, இழுத்தால் நீளும்” என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். டயரின் மற்ற இடங்களுக்கு அது கொஞ்சம் பொருந்தும். ஆனால் ரிம்மைத் தொடுகிற அந்த உள் ஓரத்துக்குப் பொருந்தாது. அந்த ஓரத்துக்குப் பெயர் பீட். பழைய டயர் ஒன்று கிடைத்தால் அதன் உள் ஓரத்தைக் கையால் அழுத்திப் பாருங்கள், கட்டியாக இருக்கும். ரப்பருக்குள்ளே ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத எஃகுக் கம்பியைப் பல சுற்றுகள் சுற்றிக் கட்டுக்கட்டாகப் புதைத்திருக்கிறார்கள். ரப்பரோடு நன்றாக ஒட்ட வேண்டும் என்பதற்காக அந்தக் கம்பிக்கு வெண்கல மேற்பூச்சும் உண்டு.

அந்தக் கம்பி நீளவே கூடாது. டயருக்குள் அடைத்த காற்று எப்போதும் பக்கச்சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. பீட் கொஞ்சம் விரிந்து கொடுத்தாலும் டயர் விளிம்பின் மேல் ஏறி, ஓடும்போதே கழன்று போகும். எனவே நீளாத வளையம்தான் வேண்டும். ஆனால் நீளாத வளையத்தை அதைவிடப் பெரிய விளிம்பைத் தாண்டி உள்ளே போடவும் வேண்டும்.

இந்தச் சிக்கலை ஒருவர் 1890-லேயே தீர்த்துவிட்டார். காருக்காக அல்ல, சைக்கிளுக்காக. இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர், ஓரத்தில் கம்பி வைத்த டயருக்கும் நடுவில் பள்ளம் வைத்த ரிம்முக்கும் அந்த ஆண்டு காப்புரிமை வாங்கினார். இன்றைய கார் ரிம்மிலும் அதே பள்ளம் இருக்கிறது. டயர் இல்லாத ரிம் ஒன்றை டயர் கடையில் பார்த்தால், வாய்க்கால் வெட்டினாற்போல் சுற்றிலும் ஓடும் அந்தத் தாழ்வான பகுதி கண்ணில் படும்.

பள்ளம் எப்படி உதவுகிறது? இறுக்கமான கண்ணாடி வளையலை அணியும்போது வளையல் விரிவதில்லை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையைத்தான் ஒடுக்கிக்கொள்கிறோம். ரிம்மும் அப்படி ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கிறது. பீடின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், மொத்த வளையமும் அந்தப் பக்கமாக நகரும். பள்ளம் 17 மில்லிமீட்டர் சொச்சம் ஆழம் என்றால் இந்தப் பக்கம் வளையம் அந்த அளவு கீழே போகும், எதிர்ப் பக்கம் அதே அளவு வெளியே வரும். விளிம்பின் உயரமும் 17 சொச்சம்தானே? அவ்வளவுதான், எதிர்ப் பக்கம் விளிம்பைத் தாண்டிவிடும். கம்பி துளியும் நீளவில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு நெருக்கமானது என்று கவனியுங்கள். ஒரு விரல் கனம்கூட மிச்சமில்லை. பீடின் ஒரு பக்கம் பள்ளத்துக்குள் முழுதாக இறங்காமல், நடுவழியில் ஐந்து மில்லிமீட்டர் மேலே நின்றாலும் எதிர்ப் பக்கம் ஐந்து மில்லிமீட்டர் குறையும். மனிதக் கையால் இழுத்தால் அங்கே டயர் நின்றுவிடும். டயர் மாட்டும் மெஷின் நிற்காது, இழுக்கும். டயர் மாட்டும்போது நடக்கிற விபரீதங்களில் பல அந்த ஐந்து மில்லிமீட்டரில்தான் தொடங்குகின்றன.

சரி, பழைய டயரைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 205/55 ஆர் 16 என்ற அளவுள்ள டயர், அலாய் ரிம். முதல் வேலை காற்றை முழுவதும் வெளியேற்றுவது. வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியையே கழற்றி எடுத்துவிடுவார்கள். டயர் சப்பென்று ஆகிவிடும். ஆனாலும் பீட் ரிம்மை விட்டு வராது.

ஏன் வராது? டயர் உட்காரும் இடம் தட்டையாக இல்லை. விளிம்பை நோக்கி 5 டிகிரி சாய்ந்து ஏறுகிறது. காற்று பீடை வெளியே தள்ளத் தள்ள, பீட் அந்தச் சரிவில் ஏறி இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு உள்பக்கம் சின்ன மேடு ஒன்றும் சுற்றிலும் ஓடுகிறது. காற்று குறைந்த நேரத்தில் வளைவில் திரும்பினால் பீட் பள்ளத்துக்குள் சரிந்துவிடாமல் தடுப்பது அந்த மேடுதான். இப்படியே மூன்று நான்கு வருடம் வெயிலிலும் மழையிலும் ஓடிய பிறகு, ரப்பரும் ரிம்மும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். கையால் தள்ளினாலும் காலால் மிதித்தாலும் அசையாது. அதைப் பிரிப்பதற்குத்தான் பீட் பிரேக்கர்.

டயர் மெஷினின் பக்கவாட்டில் மண்வெட்டி அளவில் வளைந்த ஒரு தகடு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு நீண்ட கையின் முனை. அந்தக் கையை இழுப்பது மெஷினுக்குள் இருக்கும் காற்று சிலிண்டர். பஞ்சர் கடையில் சத்தம் போடும் கம்ப்ரசரிலிருந்து அதற்குக் காற்று வருகிறது. அழுத்தம் 8 பார் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ 8 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் குறுக்களவு 18 சென்டிமீட்டர் என்று வைத்தால் பரப்பு 254 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 2000 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு காரின் எடையைவிட அதிகம். அதுவும் ஒருவர் பெடலைக் காலால் லேசாக மிதிப்பதில் வந்துவிடுகிறது.

சக்கரத்தைத் தரையில் நிமிர்த்தி, மெஷினின் பக்கத்தில் இருக்கும் ரப்பர் மெத்தைமேல் சாய்த்து, தகட்டை டயரின் பக்கச்சுவரில் வைக்க வேண்டும். விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தால் சரியாக இருக்கும். விளிம்புமேலேயே வைத்துவிட்டால் 2000 கிலோவும் அலுமினியத்தின் மேல் இறங்கும், ஓரம் நசுங்கும் அல்லது சில்லாகப் பெயரும். ரொம்ப வெளியே தள்ளி வைத்தாலோ பீட் நகராது, பக்கச்சுவர்தான் மடிந்து உள்ளேயிருக்கும் நூலிழைகள் நொறுங்கும்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. பீட் ஒட்டியிருக்கும் வரை தகட்டுக்குப் பெரிய எதிர்ப்பு இருக்கிறது. பிரிந்த அந்த நொடியில் எதிர்ப்பு சட்டென்று காணாமல் போகும். அந்த நேரத்தில் காலைப் பெடலிலிருந்து எடுக்காவிட்டால் தகடு பாய்ந்து உள்ளே போய் ரிம்மின் பள்ளத்தைச் சுரண்டும். சில கார்களில் வால்வின் உள்பக்கம் காற்றழுத்தத்தை அளக்கும் சிறு மின்னணுக் கருவி இருக்கும். தகடு அதன்மேல் பட்டால் கதை முடிந்தது. அதனால்தான் தெரிந்தவர்கள் வால்வு இருக்கும் இடத்துக்கு நேரே தகட்டை வைக்கவே மாட்டார்கள். ஒரே இடத்தில் ஓங்கி அழுத்துவதும் இல்லை. சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி உருட்டி மூன்று நான்கு இடங்களில் சிறிது சிறிதாகப் பிரித்துக்கொண்டு வருவார்கள். பிறகு மறுபக்கம்.

இப்போது சக்கரத்தைத் தூக்கி மெஷினின் சுழலும் மேசைமேல் படுக்க வைக்கிறார்கள். எந்தப் பக்கம் மேலே? இதற்கு ஒரு விதி உண்டு. பள்ளம் ரிம்மின் சரியான நடுவில் இருப்பதில்லை, ஒரு விளிம்புக்கு அருகில் இருக்கும். பெரும்பாலும் காரின் வெளிப்பக்கம் தெரியும் விளிம்புக்கு அருகில். பள்ளம் எந்த விளிம்புக்குக் கிட்டே இருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே வர வேண்டும். சில அலாய் ரிம்களில் இது தலைகீழாக இருக்கும். பார்க்காமல் வழக்கப்படி போட்டுவிட்டால், பீட் பள்ளத்தை எட்டவே முடியாமல் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

மேசையில் நான்கு நகங்கள் உண்டு. காற்றழுத்தத்தால் அவை ஒரே நேரத்தில் நகர்ந்து ரிம்மைப் பிடிக்கும். இரும்பு ரிம் என்றால் உள்பக்கமிருந்து வெளியே தள்ளிப் பிடிப்பது வழக்கம். அலாய் என்றால் வெளியிலிருந்து உள்நோக்கிப் பிடிப்பார்கள், நகங்களுக்குப் பிளாஸ்டிக் உறையும் மாட்டுவார்கள். உறை தேய்ந்து கிழிந்திருந்தால் உள்ளேயிருக்கும் எஃகு நேராக அலுமினியத்தைக் கவ்வும். எஃகு கடினமானது, அலாய் ரிம் அதைவிட மிருதுவானது. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கனும் துளி மக்னீசியமும் கலந்து வார்த்த ரிம்கள்தான் இன்று நிறைய. இரண்டு உலோகங்கள் உரசினால் கீறல் எப்போதும் மிருதுவானதன் மேல்தான் விழும்.

மேசைக்கு மேலே தொங்கும் ஒரு கம்பத்தின் நுனியில் வளைந்த ஒரு பாகம் இருக்கிறது. அதற்கு வாத்துத் தலை என்று பெயர். டயரைக் கழற்றுவதும் மாட்டுவதும் இதுதான். இதை விளிம்பின்மேல் இறக்கி வைத்துப் பூட்டியவுடன் அது மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகி நிற்க வேண்டும். இடைவெளி அதிகமானால் பீட் அந்தச் சந்தில் மாட்டிக்கொள்ளும். இடைவெளியே இல்லாவிட்டால் விளிம்பைச் சுரண்டும். எஃகுத் தலைக்குள் ஒரு பிளாஸ்டிக் துண்டு பொருத்தியிருப்பார்கள், அல்லது தலையே முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கும். அந்தத் துண்டு தேய்கிற பொருள், அடிக்கடி மாற்ற வேண்டும். சில கடைகளில் அது தேய்ந்து உள்ளேயிருக்கும் எஃகு பளபளவென்று தெரியும்வரை விட்டுவிடுகிறார்கள். விலை என்னவோ கொஞ்சம்தான், மாற்ற மனம்தான் வருவதில்லை.

தலைக்குப் பக்கத்தில் டயர் லிவரை நுழைத்து, பீடை நெம்பி வாத்துத் தலையின் மேல் ஏற்றி வைப்பார்கள். அப்படி நெம்பும்போது சக்கரத்தின் எதிர்ப் பக்கத்தில் டயரைக் கையால் அழுத்திப் பிடித்து, பீட் பள்ளத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பெடலை மிதித்தால் மேசை சுற்றும். வேகம் நிமிடத்துக்கு ஆறேழு சுற்றுதான். பார்ப்பதற்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். ஆனால் மோட்டாரின் வேகத்தைப் பல்சக்கரங்கள் குறைக்கும்போது திருப்பும் விசை அதே அளவுக்குக் கூடுகிறது. ஒரு சுற்று முடியும்போது மேல் பீட் முழுவதும் வெளியே வந்துவிடும். அதேபோல் கீழ் பீட். பழைய டயர் கழன்றாயிற்று.

மாட்டும்போதுதான் சாமர்த்தியம் தேவை. முதலில் இரண்டு பீடுகளிலும் மாட்டுவதற்கான சோப்புப் பசையைப் பூச வேண்டும். ரிம்மிலும் பூச வேண்டும். உராய்வு குறைந்தால் பீட் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்திருந்தால் ஓரம் பிய்யும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ கிரீஸையோ தடவுகிறவர்கள் உண்டு. தடவக் கூடாது. எண்ணெய் ரப்பரை உப்ப வைக்கும். அதைவிட மோசம், அது காயாது. சோப்புப் பசை சில மணி நேரத்தில் காய்ந்து ரப்பர் ரிம்மைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் காயாததால், பிரேக் அடிக்கும்போது ரிம் நிற்க டயர் மட்டும் கொஞ்சம் சுழன்றுவிடும்.

கீழ் பீட் பெரும்பாலும் எளிதாகப் போய்விடும். மேல் பீடைப் போடும்போது அது வாத்துத் தலையின் வால்பகுதிக்கு மேலேயும் மூக்குக்குக் கீழேயும் போகும்படி வைத்து மேசையைச் சுற்ற விடுவார்கள். தலை நிற்கும் இடத்தைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசை கடிகார முள் திசையில் சுற்றுகிறது. உள்ளே போன பீட் 3 மணி இடத்துக்கு வந்து சேரும். அங்கேதான் கையால், அல்லது மெஷினின் உதவிக் கையால், டயரை அழுத்திப் பள்ளத்துக்குள் இறக்கிப் பிடிக்க வேண்டும். அந்த அழுத்தம் விடாமல் இருந்தால், கடைசிக் கால் சுற்றில் மிச்சமிருக்கும் பீட் தளர்வாக உள்ளே நழுவும்.

அழுத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். 3 மணி இடத்தில் பீட் பள்ளத்தை விட்டு ஏறி, டயர் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதலில் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். இந்தப் பக்கம் பள்ளத்தில் இல்லையென்றால் அந்தப் பக்கம் விளிம்பைத் தாண்ட இடமே இல்லை. மேசையோ சுற்றிக்கொண்டே இருக்கிறது. வாத்துத் தலைக்கும் விளிம்புக்கும் நடுவில் பீட் கயிறு போல் விறைக்கும். பெடல் மிதிப்பவர் அனுபவசாலியாக இருந்தால் டயர் “கிறீச்” என்று கத்துவதைக் கேட்டவுடனே பெடலைத் திருப்பி மேசையைப் பின்னால் சுற்றுவார். இல்லாவிட்டால் மூன்றில் ஒன்று நடக்கும். ரப்பர் ஓரம் கிழியும். அல்லது உள்ளேயிருக்கும் கம்பிக்கட்டு ஓரிடத்தில் முறுக்கி மடிந்துபோகும். அல்லது கம்பிகள் சில அறும். கடைசி இரண்டும் வெளியே தெரியாமலும் போகலாம் என்பதுதான் பிரச்சினை.

பக்கச்சுவர் உயரமாக இருந்தால் டயர் வளைந்து கொடுக்கும். நம் 205/55 டயரின் பக்கச்சுவர் உயரம், 205-இல் 55 சதவீதம், அதாவது 113 மில்லிமீட்டர் அளவு. பெரிய ரிம் போட்டு 205/45 டயர் மாட்டுகிறவர்களுக்கு அது 92 ஆகக் குறைகிறது. குட்டையான சுவர் விறைப்பாக இருக்கும், கையால் அழுத்தினால் பள்ளத்துக்குள் இறங்காது. அத்தகைய டயர்களுக்கு உதவிக் கை இல்லாத மெஷினில் வேலை செய்வது சூதாட்டம். லிவரே வேண்டாத மெஷின்களும் இப்போது உண்டு. அவற்றில் ஒரு கொக்கி தானாக நுழைந்து பீடைத் தூக்கிவிடும். அவற்றிலும் எதிர்ப் பக்கம் பள்ளத்துக்குள் இருந்தாக வேண்டும்.

காற்றடிக்கும்போது “டப்” என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் இன்னொரு “டப்” கேட்டிருக்கிறீர்களா? ஒவ்வொரு பீடும் அந்தச் சின்ன மேட்டைத் தாண்டித் தன் இடத்தில் போய் உட்காரும் சத்தம் அது. கார் டயரில் 40 பி.எஸ்.ஐ. வரை அடித்தும் சத்தம் வரவில்லை என்றால் மேலே அடிக்கக் கூடாது. காற்றை இறக்கி, மறுபடி பசை தடவி, டயரைத் திருப்பி வைத்துப் பார்க்க வேண்டும். பீட் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கும்போது அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் கம்பிக்கட்டு அறுந்து டயர் வெடித்துக் கிளம்பும். வேடிக்கை பார்க்க ஆசையாக இருந்தாலும், காற்றடிக்கும் நேரத்தில் நீங்கள் பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பக்கச்சுவரில், ரிம்முக்கு மிக அருகில், மெல்லிய கோடு ஒன்று வட்டமாக எழும்பியிருக்கும். அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தால், பீட் அங்கே இன்னும் ஏறவில்லை.

எந்தக் கருவி எங்கே தொடுகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஒரு துப்பறியும் வேலை செய்வோமா? டயர் மாற்றி இரண்டு வாரம் ஆன ஒரு அலாய் சக்கரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காற்று வாரத்துக்கு ஐந்து பி.எஸ்.ஐ. இறங்குகிறது. ரிம்மில் மூன்று வகைக் கீறல்கள். காற்று எதனால் போகிறது?

முதல் வகை, விளிம்பில் நான்கு சின்ன அழுத்தங்கள். ஒன்றுக்கொன்று சரியாகக் கால் வட்டம் தள்ளி இருக்கின்றன. உலகத்தில் வேறெதுவும் இப்படி அளந்து வைத்தாற்போல் கீறாது. மேசையின் நான்கு நகங்கள்தான், உறை இல்லாமல் பிடித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, விளிம்பின் உச்சியில் வளைந்து ஓடும் ஒரு கீறல். வாத்துத் தலைதான், அதில் சந்தேகம் இல்லை. தலை ஒரே இடத்தில் நிற்க ரிம் சுற்றுவதால் கீறலும் வளைவாக விழும். ஆனால் இது முழு வட்டமாக இல்லை, ஒரு சாண் நீளம் மட்டும்தான். ஏன்? தலையைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தால், பீடின் இழுப்பில் அது கீழிறங்கி நீளமாகச் சுரண்டியிருக்கும். ஒரு சாண் மட்டும் என்றால், அந்த இடத்தில் ரிம்மே மேலே தூக்கியிருக்கிறது. எங்கேயோ குழியில் இறங்கி ரிம் லேசாக வளைந்திருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி மற்ற இடங்களில் போதுமானதாக இருந்து, வளைந்த இடத்தில் மட்டும் இல்லாமல் போயிருக்கிறது. பாருங்கள், டயர் கடைக்காரரின் கீறல் பழைய குழியைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மூன்றாவது, ஒரே ஒரு ஆழமான வெட்டு. லிவரை ஊன்றிய இடம். விளிம்புக்குப் பிளாஸ்டிக் காப்பு மாட்டாமல் இரும்பை நேரே வைத்து நெம்பியிருக்கிறார்கள்.

காற்று இந்த மூன்றில் எதன் வழியாகப் போகிறது? சக்கரத்தைப் படுக்க வைத்து, விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் குமிழி வருமிடம் தெரியும். வருகிறது, ஆனால் நகத் தடத்திலும் இல்லை, சாண் கீறலிலும் இல்லை, வெட்டிலும் இல்லை. வெட்டிலிருந்து கால் வட்டம் தள்ளி, ரிம்மில் எந்தக் காயமும் இல்லாத இடத்தில் வருகிறது. யோசித்தால் வியப்பில்லை. அந்தக் கீறல்கள் எல்லாம் விளிம்பின் உச்சியில் இருக்கின்றன. காற்றை அடைப்பதில் முக்கிய இடம் அதற்கும் கீழே, பீட் உட்காரும் சரிவு. டயரைக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி தெரிகிறது. மேல் பீடின் நுனி ரப்பர் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. கிழிசலுக்குள் எஃகுக் கம்பி மின்னுகிறது. கடைசிக் கால் சுற்றில் எதிர்ப் பக்கம் பள்ளத்தை விட்டு ஏறியிருக்கிறது, ஆனாலும் பெடலிலிருந்து கால் எடுக்கப்படவில்லை.

கம்பி தெரியும்படி கிழிந்த பீடை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும், ஒருநாள் அது தாங்காது. டயர் புதிதாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

அப்படியானால் ரிம்மில் விழுந்த கீறல்களை விட்டுவிடலாமா? உடனடியாக ஆபத்து இல்லை, ஆனால் அவை அப்படியே இருக்காது. ரிம்மின் மேல் ஓர் அடிப்பூச்சு, நிறம், நிறமற்ற மேற்பூச்சு எல்லாம் உண்டு. எல்லாம் சேர்ந்து அரை மில்லிமீட்டர்கூட வராது. கீறல் அதைத் தாண்டினால் அலுமினியம் வெளியே தெரியும். ஈரமும் உப்பும் அங்கே நுழையும், கடற்கரை ஊர்களில் இது இன்னும் வேகம். சில மாதங்களில் மேற்பூச்சுக்கு அடியில் வெள்ளை நூல் போன்ற இழைகள் ஊர்ந்து பரவும், பூச்சு உப்பிப் பெயரும். அந்த அரிப்பு பீட் உட்காரும் சரிவுவரை போய்விட்டால், அதன் சொரசொரப்பு வழியாகவும் காற்று கசியத் தொடங்கும். முகத்தைக் கடைந்து பளபளப்பாக்கிய ரிம்களுக்குப் பெயிண்ட் தொட்டுச் சரிசெய்வதும் கடினம், திரும்பக் கடைய வேண்டியிருக்கும்.

நம் கற்பனைச் சக்கரத்துக்குப் புது டயர் வந்துவிட்டது. இந்த முறை மெக்கானிக் முதலில் வெறும் ரிம்மை மேசையில் போட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். தூக்கியிருக்கும் அந்த ஒரு சாண் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொள்கிறார். குறித்த இடத்தை வாத்துத் தலைக்கு நேரே கொண்டுவந்து, அங்கேயே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வைத்துப் பூட்டுகிறார். நகங்களுக்கு உறை போட்டாயிற்று, பசையும் தடவியாயிற்று. மேல் பீட் சுற்றும்போது 3 மணி இடத்தில் உதவிக் கை இறங்கி அழுத்துகிறது. கடைசிக் கால் சுற்றில் லிவர் தேவைப்படவே இல்லை. காற்று ஏறுகிறது. 22 பி.எஸ்.ஐ.யில் முதல் “டப்”, 27-இல் இரண்டாவது.